கூடாரவல்லி அக்கார அடிசில்: வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. பெரும்பாலும் ஜனவரி 11 அன்று வரும். அன்று பாலில் வேகவைத்து வெல்லமும் நெய்யும் சேர்த்த சோறான அக்கார அடிசிலைப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப் பண்ணுவது வைணவ வீடுகளில் காலங்காலமாக இருக்கும் வழக்கம். அந்தத் தளிகையை முதல் தடவையாக வீடியோ எடுக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையலும் புதிது, ஸ்கிரிப்ட் எழுதுவதும் புதிது என்றாலும் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பிரசாதத்தில் அவை இரண்டும் ஒன்றுதான்.

பண்டிகைப் பலகாரம் பற்றிய வீடியோக்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது. முதல் இரண்டு நிமிஷம் ஆண்டாள் கதை வரும். அது முடிந்ததும் "சரி, இப்ப ரெசிபிக்குப் போகலாம்" என்று ஒரு வெட்டு. அதற்குப் பிறகு வருவது எந்த இனிப்புக்கும் பொருந்தும் சமையல். கதை ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் நிற்கும். அக்கார அடிசிலுக்கு அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. என்ன போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும், எப்படிப் பரிமாற வேண்டும் என்பதெல்லாம் ஆண்டாளின் பாசுரத்திலேயே இருக்கிறது. எந்தக் கை வேலை நடக்கும்போது எந்த வரி வர வேண்டும் என்று பார்த்துப் பொருத்துவதுதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறவரின் வேலை.

பாசுரத்தை முதலில் கையில் எடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். சமையல் குறிப்பை எழுதுவதற்கு முன் வலப்பக்கத்தில் இரண்டு இடங்களில் பாசுர வரிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது திருப்பாவையின் இரண்டாம் பாசுரம். நோன்பு தொடங்கும்போது ஆய்ச்சிறுமியர் எதை எதை விட்டுவிடப் போகிறோம் என்று சொல்கிறார்கள்: "நெய்யுண்ணோம் பாலுண்ணோம் நாட்காலே நீராடி, மையிட்டு எழுதோம் மலரிட்டு நாம் முடியோம்." இரண்டாவது, இருபத்தேழாம் பாசுரம். "கூடாரை வெல்லும் சீர்க் கோவிந்தா" என்று தொடங்குகிறது. கூடாரவல்லி என்கிற பெயரே இந்த முதல் சொற்கள் பேச்சில் மருவி வந்ததுதான். விட்டதெல்லாம் அதில் திரும்பி வருகிறது. சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் எல்லாம் அணிவோம், ஆடை உடுப்போம் என்று சொல்லி, அதன் பின்னே "பாற்சோறு, மூட நெய் பெய்து முழங்கை வழிவாரக் கூடியிருந்து குளிர்ந்து" என்று முடிகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நோன்பில் முதலில் விட்டது நெய்யும் பாலும். அவை திரும்பி வரும்போது வெறுமனே வரவில்லை. சோறே பாலில் வேகிறது, அந்தச் சோற்றை மூடும் அளவுக்கு நெய், அந்த நெய் முழங்கை வரை வழிகிறது. இந்த ஒரு முரணைத்தான் வீடியோ முழுக்கக் காட்டப் போகிறோம். வேறு எதையும் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் "அக்கார அடிசில்" என்கிற சொல் இல்லை, பாற்சோறு என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல் வருவது நாச்சியார் திருமொழியில். திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஆண்டாள் வாயால் நேர்ந்துகொள்கிறாள்: "நூறு தடாவில் வெண்ணெய் வாய்நேர்ந்து பராவி வைத்தேன், நூறு தடா நிறைந்த அக்கார அடிசில் சொன்னேன்." தடா என்றால் பெரிய பானை. அக்காரம் என்றால் சர்க்கரை, வெல்லம். அடிசில் என்றால் சோறு. ஆண்டாள் வாயால் சொன்ன அந்த நேர்த்தியைப் பின்னாளில் ராமானுஜர் அழகர்கோயிலில் நூறு தடா சமர்ப்பித்து நிறைவேற்றினார், அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்பது வைணவ மரபில் வழங்கிவரும் வரலாறு. அதனால்தான் அவருக்குக் கோயில் அண்ணன் என்று ஒரு பெயர். ஸ்கிரிப்ட்டில் இதைச் சொல்லும்போது "மரபில் சொல்வார்கள்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இரண்டு நூல்களிலிருந்து வரும் இரண்டு வரிகள். பாற்சோறு, நெய் பற்றிய வரி பாலும் நெய்யும் வரும் காட்சிகளுக்கு. நூறு தடா வரி வெல்லம் சேரும் காட்சிக்கு. எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டிவிட்டால் நடுவில் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒத்திகைத் தளிகை: ஒரு வாரம் முன்னாலேயே

நிவேதனத்துக்குச் செய்யும் எதையும் கண்டருளப் பண்ணுவதற்கு முன் வாயில் வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சாதாரணச் சமையல் வீடியோவில் நடுவில் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்த்து "ஆஹா" என்று சொல்லும் காட்சி இருக்கும். இங்கே அதற்கு இடமே இல்லை.

முதல் வருஷம் எனக்கு இது கேமராவுக்கு முன்னாலேயே புரிந்தது. வெல்லம் போதுமா என்று சந்தேகம் வந்து, கரண்டி நுனியிலிருந்து ஒரு துளியை விரலில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, இன்னும் பெருமாளே கண்டருளலை. அதுக்குள்ள உன் நாக்குக்கு என்ன அவசரம்?" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்தேன். அந்தக் காட்சியை வெட்டி எறியவில்லை. அந்த வருஷ வீடியோவில் பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ருசி பார்க்க முடியாது என்றால் இனிப்பு சரியா என்று எப்படித் தெரியும்? அளவால் தெரியும். அதற்காகத்தான் ஒரு வாரம் முன்னால் ஒத்திகை. அன்றைக்குச் செய்வது நிவேதனத்துக்கு இல்லை, நமக்குத்தான். அதனால் தாராளமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம், பால் ஒன்றரை லிட்டர், பாகு வெல்லம் 400 கிராம், நெய் 200 மில்லி. முந்திரி ஒரு கைப்பிடி, திராட்சை அதில் பாதி, ஏலக்காய் ஆறு, குங்குமப்பூ பத்துப் பன்னிரண்டு இழை, பச்சைக் கற்பூரம் அரை மிளகு அளவு. சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால் பன்னிரண்டு பேருக்குக் காணும்.

ஒத்திகைக்கும் கூடாரவல்லிக்கும் வேண்டிய வெல்லத்தை ஒரே கட்டியிலிருந்து, ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். வெல்லத்துக்கு வெல்லம் இனிப்பும் உப்புக் கரிப்பும் மாறும். வேறு கடை வெல்லம் வந்தால் ஒத்திகையில் போட்ட கணக்கு உதவாது. இன்னொரு சோதனையும் அன்றைக்கே செய்யலாம். ஒரு டம்ளர் கொதிக்கும் பாலில் அந்த வெல்லத்தில் ஒரு துண்டைப் போட்டுக் கலக்குங்கள். உடனே பால் திரிதிரியாகப் பிரிந்தால் அந்த வெல்லத்தில் புளிப்பு அதிகம். வேறு வெல்லம் பார்ப்பது நல்லது.

ஒத்திகையின்போது கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிலைக்கும் ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வறுக்க நாலு நிமிஷம், பால் பொங்கப் பத்து, அரிசி குழைய ஐம்பதிலிருந்து அறுபது என்று வரும். இதில் எந்த நிமிஷங்கள் வீடியோவுக்குள் வரும் என்று அப்போதே தெரிந்துவிடும். எட்டு நிமிஷ வீடியோவுக்கு எழுதுகிறீர்கள் என்றால் பேச்சு நாலு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிஷத்துக்கு நூறு சொல்தான் வருகிறது. அதாவது மொத்தம் நானூறு சொல். எழுதியதைச் சத்தம் போட்டு வாசித்து நேரம் பாருங்கள். மனதுக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

தொடக்கம்: மூடிய ஜாடி

வீடியோ நெய் ஜாடியில் தொடங்கட்டும். என் நோட்டில் இப்படி இருக்கிறது:

காட்சி: விடியற்காலை. அலமாரியில் துணி கட்டிய நெய் ஜாடி. வெளியே வாசல் தெளிக்கும் சத்தம் மட்டும்.

குரல்: "நெய்யுண்ணோம், பாலுண்ணோம். நோன்பின் தொடக்கத்தில் ஆயர்பாடிப் பெண்கள் சொன்ன வார்த்தை. இன்று இருபத்தேழாம் நாள்."

காட்சி: ஒரு கை வந்து துணியை அவிழ்க்கிறது.

இவ்வளவுதான், இருபது விநாடி. உங்கள் வீட்டில் மார்கழி முழுக்க நெய்யை ஒதுக்கி வைத்தால் அதைச் சொல்லுங்கள். வைக்கவில்லை என்றால் வைத்ததாகச் சொல்லாதீர்கள். பாசுரத்தில் இருக்கும் பெண்கள் விட்டார்கள் என்பதே போதும். இருக்காத நோன்பை இருந்ததாகச் சொல்லிப் பிரசாத வீடியோவைத் தொடங்க வேண்டாம்.

பாலும் அரிசியும்

வெண்கல உருளி இருந்தால் நல்லது. அடி கனமாக இருப்பதால் பால் அவ்வளவு சீக்கிரம் அடிப்பிடிக்காது. இல்லையென்றால் அடி கனமான எந்தப் பாத்திரமும் போதும், பிரஷர் குக்கர் மட்டும் வேண்டாம். சமைக்க வேகமாக இருக்கும், ஆனால் பால் சுண்டி அரிசிக்குள் இறங்குவதுதான் இந்தத் தளிகையின் உயிர், மூடிய குக்கருக்குள் அது நடக்காது. கேமராவுக்கும் காட்ட ஒன்றும் இருக்காது.

உருளியில் இரண்டு ஸ்பூன் நெய் விட்டுப் பாசிப்பருப்பை முதலில் வறுங்கள். லேசாகச் சிவந்து வாசனை வந்ததும் கழுவி வடித்து உலர்த்திய அரிசியைச் சேர்த்து, நிறம் மாறாமல் சூடு ஏறும் வரை வறுத்தால் போதும். இப்போது ஒரு லிட்டர் பாலை ஊற்றுங்கள். மீதி அரை லிட்டரை இன்னொரு அடுப்பில் சூடாக வைத்திருங்கள். பொங்கி வந்ததும் தணலைக் குறைத்துவிட்டு, அடியோடு துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பால் வற்ற வற்ற மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் விடக் கூடாது. சர்க்கரைப் பொங்கலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடம்தான். "பாற்சோறு" என்கிற சொல் குரலில் வர வேண்டியதும் இங்கேதான், இரண்டாம் தடவை பால் ஊற்றும்போது.

இந்த ஒரு மணி நேரத்தைப் படம் எடுப்பதில் இரண்டு சிக்கல் வரும். முதலாவது ஆவி. கேமராவை உருளிக்கு நேர் மேலே வைத்தால் லென்ஸ் ஐந்தே நிமிஷத்தில் மூடிக்கொள்ளும், படம் பனிமூட்டமாக இருக்கும். பக்கவாட்டில் சாய்த்து, உருளியின் விளிம்பு தெரியும் உயரத்தில் டிரைபாடை வையுங்கள். இரண்டாவது வெளிச்சம். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பால் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் தெரியும். ஏதாவது ஒன்று மட்டும் இருக்கட்டும். நான் டியூப்லைட்டை அணைத்துவிடுவேன்.

அரிசி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பவருக்குக் காட்ட மூன்று நெருக்கக் காட்சி போதும். இருபதாவது நிமிஷத்தில் பால் தனி, அரிசி தனியாக மிதக்கும். நாற்பதாவது நிமிஷத்தில் கரண்டியிலிருந்து கஞ்சி மாதிரி விழும். கடைசியில், ஒரு பருக்கையைத் தட்டில் எடுத்து விரலால் அழுத்தினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிந்துவிடும். அந்தப் பருக்கையைத் திரும்ப உருளியில் போடாதீர்கள், கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். இந்த மூன்றாவது காட்சியை விட்டுவிடாமல் எடுங்கள். ஏனென்றால் வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி மேலும் குழையாது. இனிப்பு நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், அரை வேக்காட்டில் இருந்த பருக்கை அப்படியே விறைத்து நின்றுவிடும். குழைந்தது உறுதி ஆனதும் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக மசித்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத் துழாவலை வேகப்படுத்தி ஓட்டிப் பின்னால் இசை போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்குப் பதிலாக ஒரு முப்பது விநாடியை அப்படியே விடுங்கள். பால் கொதிக்கும் சத்தமும், கரண்டி உருளியில் உரசும் சத்தமும், துழாவுகிறவர் வாய்க்குள் பாசுரம் சொல்லும் சத்தமும் போதும். பல வீடுகளில் துழாவும்போது திருப்பாவையைச் சொல்லிக்கொண்டேதான் துழாவுவார்கள். அதற்காக மைக்கை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், காஸ் சீறும் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சமைக்கிறவரின் தோளில் குத்திவிடுங்கள்.

வெல்லம்: திரிந்துபோகும் இடம்

அக்கார அடிசில் கெட்டால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடும். என் இரண்டாவது வருஷத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த பாற்சோற்றில் கொதிக்கும் பாகை ஊற்றினேன். அரை நிமிஷத்தில் ஓரமெல்லாம் பச்சைத் தண்ணீர் பிரிந்து, நடுவில் பனீர் மாதிரி திரிதிரியாக நின்றது. வெல்லத்தில் இருக்கும் புளிப்பும் அடுப்பின் சூடும் சேர்ந்தால் பால் திரியும். மணி எட்டாகிவிட்டது. இன்னொரு உருளி வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் இப்போது என் ஸ்கிரிப்ட்டில் இந்த இடம் மிக நீளமானது. வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துப் பிசுக்குப் பதம் வரை காய்ச்சுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் ஒட்டினால் போதும், கம்பி இழுக்க வேண்டாம். கம்பிப் பதம் வந்தால் ஆறியதும் அடிசில் இறுகிப்போகும். பாகையும் இறக்கிவிடுங்கள், பாற்சோற்றின் அடுப்பையும் அணைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் இரண்டும் சும்மா இருக்கட்டும். பால் நன்றாகச் சுண்டி அரிசியோடு ஒன்றாகியிருந்தால் திரியும் பயம் பாதி போய்விடும், தனியாக ஓடும் பால் இருந்தால்தான் ஆபத்து. பிறகு வெதுவெதுப்பான பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். முழுக்கக் கலந்த பிறகுதான் மறுபடி அடுப்பு, அதுவும் மிகச் சின்னத் தணலில்.

அந்தப் பத்து நிமிஷக் காத்திருப்பு ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைத்த வரம். கை சும்மா இருக்கும் நேரம் இது ஒன்றுதான். நூறு தடா வரி இங்கே வரட்டும்.

காட்சி: அணைந்த அடுப்பு. உருளியிலிருந்து ஆவி மெதுவாக எழுகிறது. பக்கத்தில் பாகுக் கிண்ணம்.

குரல்: "நூறு தடா நிறைந்த அக்கார அடிசில் சொன்னேன் என்றாள் ஆண்டாள். கொடுத்தேன் என்று சொல்லவில்லை, சொன்னேன் என்றாள். வாயால் நேர்ந்ததை அழகருக்குச் சமர்ப்பித்து நிறைவேற்றியவர் ராமானுஜர் என்று மரபில் சொல்வார்கள். அவள் அவரை அண்ணா என்றாள்."

காட்சி: பாகு விழுகிறது. வெள்ளைச் சோறு மெல்ல மெல்லப் பொன்னிறமாகிறது.

பாகு விழும் காட்சியில் பேச வேண்டாம். நிறம் மாறுவதைப் பார்க்க விடுங்கள். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னதன் பலன் இப்போது தெரியும்.

மூட நெய்

தணலில் வைத்து, நெய்யை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டுத் துழாவுங்கள். முதலில் விடும் நெய்யை அடிசில் குடித்துவிடும், இருந்த இடம் தெரியாது. பதினைந்து நிமிஷத்தில் ஒரு கட்டம் வரும். கரண்டியை இழுத்தால் உருளியின் அடி ஒரு விநாடி தெரிந்து மறையும், ஓரத்தில் நெய் கசிந்து மினுங்கும். இனி உள்ளே போகாது என்று அதுவே சொல்கிறது. அப்போது இறக்கிவிடுங்கள். பார்க்கத் தளர்வாக இருக்கிறதே என்று இன்னும் கிண்டாதீர்கள், ஆற ஆற இறுகும். நெய்யில் ஐம்பது மில்லியைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

வறுத்த முந்திரி, திராட்சை, ஏலப்பொடி, சூடான பாலில் ஊறிய குங்குமப்பூ எல்லாம் இறக்கியபின் சேரும். இதை ஒரே காட்சியில் முடித்துவிடலாம். பச்சைக் கற்பூரத்தை மட்டும் தனியாகக் காட்டுங்கள். இது சாப்பாட்டில் சேர்ப்பதற்கென்றே விற்பது. ஆரத்திக்கு ஏற்றும் சூடக்கட்டி வேறு, அதைச் சாப்பாட்டில் போட்டால் உடம்புக்கு விஷம். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கும், பெயரும் கற்பூரம்தான், புதியவர் தெரியாமல் குழம்பிவிடுவார். ஆகவே டப்பாவைக் காட்டி, குரலிலும் சொல்லி, திரையில் எழுத்திலும் போடுங்கள். அளவும் அரை மிளகுதான், ஒரு கல் கூடினாலும் கசக்கும்.

திரை

இனி கேமராவுக்குச் சொல்ல வேண்டிய ஒரே சொல், நில். அடிசிலை நிவேதனப் பாத்திரத்துக்கு மாற்றி, மேலே துளசி இட்டு, பெருமாள் முன் வைக்கிறார்கள். பெருமாள் அமுது செய்யும் நேரம் கோயில்களில் திரை போட்டுவிடுவார்கள். வீட்டிலும் அந்த மரியாதை இருக்கட்டும். கேமரா பூஜை அறை வாசலில் நிற்கட்டும், கதவோ திரையோ மட்டும் தெரியட்டும், மணிச் சத்தம் மட்டும் கேட்கட்டும். பதினைந்து விநாடி, குரல் கிடையாது. என் நோட்டில் இந்த இடத்தில் வலப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

கோயில் மடைப்பள்ளியில் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். பல கோயில்களில் மடைப்பள்ளிக்குள் வெளியார் நுழையவே முடியாது. தளிகை பண்ணுகிறவர்களின் கண்ணைத் தவிர வேறு கண் படக் கூடாது என்பது அங்கே விதி. வீட்டு அடுக்களையிலேயே எடுங்கள்.

கடைசிக் காட்சி

இப்போது ருசிக்கலாம். ஆனால் ஒருவர் கிண்ணத்தை ஏந்தி ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும் காட்சி வேண்டாம். பாசுரத்தில் தனியாக யாரும் இல்லை. "கூடியிருந்து" என்கிறாள். இன்னொன்றையும் கவனியுங்கள், பாற்சோறு பற்றி இவ்வளவு சொன்ன அந்தப் பாசுரத்தில் உண்போம் என்கிற சொல்லே இல்லை. கூடியிருப்பதும் குளிர்வதும்தான் இருக்கிறது. அதனால் கடைசிக் காட்சிக்குக் குறைந்தது நாலு கையாவது வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள்.

வாழை இலையில் அடிசில். தனியாக எடுத்து வைத்த ஐம்பது மில்லி நெய்யைச் சூடாக்கி, அத்தை மேலே ஊற்றுகிறார். சோறு மறையும் வரை ஊற்ற வேண்டும், "மூட நெய்" என்பது அதுதான். கேமரா இலையின் உயரத்தில், கைகளைப் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் முழங்கை தெரியாது. யாராவது கையால் அள்ளும்போது நெய் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் ஒரு கோடாக இறங்கும். முதல் தடவையே சரியாக வராது. துடைத்துவிட்டு இன்னொரு கை அள்ளட்டும்.

குரல், அந்தக் கோடு முழங்கையை எட்டும்போது மட்டும்: "மூட நெய் பெய்து முழங்கை வழிவார."

எங்கள் வீட்டு வீடியோவில் அந்தக் கை ஆறு வயதுப் பெண்ணுடையது. நெய் வழிவதைப் பார்த்துவிட்டுத் துடைக்கப் பாவாடையைப் பிடித்தாள். "துடைக்காதேடி, அது வழியட்டும்" என்று அத்தை சொன்னார். பின்னணிக் குரலை எடுத்துவிட்டு அதையே வைத்துவிட்டேன்.